தசை பெருக்கும் முன்பே பலம் கூடுவது எப்படி?

ஹாலிஎலயில் ஒரு தோட்டத்து இளைஞர் எட்டுக் கிலோ டம்பெல்லோடு பயிற்சியைத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று நான்கு வாரத்தில் பத்துக் கிலோவையும் தூக்கிவிடுவார். ஆனால் புஜத்தில் அளவுநாடாவைச் சுற்றிப் பார்த்தால் பழைய அளவேதான் இருக்கும். அப்படியானால் பலம் எங்கிருந்து வந்தது?

1979இல் மொரிடானி, டிவ்ரீஸ் என்ற ஆய்வாளர்கள் சிலருக்கு ஒரு கையை மட்டும் எட்டு வாரம் பயிற்றுவித்தார்கள். பயிற்சியே செய்யாத மறுகையிலும் பலம் கூடியது, தசை மட்டும் பெருக்கவில்லை. தசையில் பதிவான மின்சமிக்ஞை கூடியிருந்தது. தொடக்கத்தில் பலம் நரம்பிலிருந்தே வருகிறது என்பதற்கு எனக்கு இதைவிடத் தெளிவான சான்று தெரியாது.

முள்ளந்தண்டிலுள்ள ஒவ்வோர் இயக்க நரம்புக்கலமும் ஒரு தொகுதித் தசைநார்களை ஆள்கிறது. புதிதாகத் தூக்குபவரிடம் இந்த நரம்புக்கலங்களுக்குப் போகும் கட்டளை மந்தமானது. பழகப் பழக நரம்புக்கலங்கள் முன்கூட்டியே விழித்து, அடுத்தடுத்து வேகமாகத் துடிப்புகளை அனுப்புகின்றன. முழங்கையை மடக்கும்போது எதிர்ப்புறத் தசை வீணாக இறுகுவதும் குறைகிறது.

தசைப் புரதம் முதல் நாட்களிலேயே உருவாகத் தொடங்கினாலும், அது அளவில் தெரிய வாரக்கணக்காகும். பயிற்சி முடிந்த கையோடு அளந்தால் வீக்கமும் சேர்ந்து ஏமாற்றும். ஓய்வு நாள் காலையில் அளப்பதே சரி. தசைநாண்கள் உறுதிப்பட இன்னும் தாமதமாகும். ஆகவே டம்பெல் இலேசாகத் தோன்றுகிறதென்று எடையை மடமடவென ஏற்றினால், முழங்கையில் வலி எடுக்கலாம்.