கண்ணிகளின் கணக்கு: பின்னலாடைச் சொற்கள் சில

நெசவுத் துணிக்குப் பாவு, ஊடை என இருவகை நூல்கள் வேண்டும். பின்னலாடைக்கோ ஒரு நூலே போதும். அந்நூல் ஒரு கண்ணியினூடே மறு கண்ணியாக இழுக்கப்பட்டு, வரிசை வரிசையாக மேலேறித் துணியாகிறது. கண்ணிகள் வளைந்து நிற்பதால் அத்துணி இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். குளிர்நாடுகளில் கம்பளி நூலால் கையாற் பின்னப்படும் ஸ்வெட்டரும், நாம் அணியும் பனியனும் இவ்வகையில் ஓரினமே. ஸ்வெட்டர் பின்னக் கற்பிக்கும் ஆங்கில நூல்களில் ரிப், மாஸ், கேபிள், கேஜ் என்னும் சொற்கள் அடிக்கடி வருகின்றன. அவற்றின் பொருளையும், கார்டிகனும் புல்லோவரும் எங்கே வேறுபடுகின்றன என்பதையும் இங்குக் காண்போம்.

இரண்டே கண்ணிகள்

கைப்பின்னலுக்கு அடிப்படையான கண்ணிகள் இரண்டே. ஒன்று நிட், மற்றொன்று பர்ல். புதிய கண்ணியைப் பழைய கண்ணியின் பின்னிருந்து முன்னே இழுத்தால் அது நிட். முன்னிருந்து பின்னே இழுத்தால் அது பர்ல். நிட் கண்ணி ஆங்கில 'வி' எழுத்தைப்போல் தோன்றும். பர்ல் கண்ணி கிடையாகப் படுத்த சிறு முடிச்சைப்போல் தோன்றும். ஒன்றின் முதுகே மற்றொன்றின் முகம் என்பதை நாம் மறவாதிருத்தல் வேண்டும். பின்வரும் பின்னல்கள் யாவும் இவ்விரண்டின் அடுக்கு முறையால் பிறப்பவையே.

நிட் கண்ணிகள் ஒரு பத்தியாகவும், பர்ல் கண்ணிகள் அடுத்த பத்தியாகவும் மேல்நோக்கி அடுக்கப்பட்டால் அது ரிப். விலா எலும்புகளைப்போல் மேடும் பள்ளமுமாக நிற்பதால் இப்பெயர் பெற்றது. நிட் பத்திகள் மேலெழும். பர்ல் பத்திகள் உட்சென்று ஒளியும். அதனால் துணி விசிறிபோல் மடிந்து அகலத்திற் சுருங்குகிறது. இழுத்துவிட்டால் மீண்டும் தன் நிலைக்கு வருகிறது. மணிக்கட்டு, கழுத்து, இடுப்பு ஆகிய இடங்களில் ஸ்வெட்டர் உடலோடு ஒட்டி நிற்பது இதனாலேதான்.

அதே கண்ணிகள் பத்தியாக நில்லாமல், சதுரங்கக் கட்டம்போல் நிட்டின்மேல் பர்லும் பர்லின்மேல் நிட்டுமாக மாறி அமைந்தால் அது மாஸ் பின்னல். மாஸ் என்றால் பாசி. பாசி படர்ந்த கல்லைத் தொட்டாற்போல் சொரசொரப்பாக இருக்கும். இது சுருங்குவதில்லை, ஓரம் சுருள்வதுமில்லை, இருபுறமும் ஒரேபோல் தோன்றும். அமெரிக்க நூல்களில் இதற்கு 'சீட்' பின்னல், அதாவது விதைப் பின்னல் என்று பெயர். அங்கே மாஸ் என்றால் சற்று வேறானதொரு பின்னல். நூலைக் கையில் எடுப்போர் அது எந்நாட்டு நூல் என்று முதலிற் பார்ப்பது நலம்.

ரிப்பையும் மாஸையும் பிரிப்பது ஒரே ஒரு கண்ணிதான். ஊசியில் 21 கண்ணிகளை ஏற்றி, ஒவ்வொரு வரிசையையும் 'ஒரு நிட், ஒரு பர்ல்' என்று தொடங்கிப் பின்னினால் மாஸ் வரும். 20 கண்ணிகளை ஏற்றி அதையே செய்தால் ரிப் வரும். 20 கண்ணி வரிசை பர்லில் முடிகிறது. துணியைத் திருப்பினால் அந்தப் பர்லின் முதுகு நிட்டாகத் தெரிகிறது. அதன்மேல் நாம் மீண்டும் நிட்டே இடுகிறோம். அதனால் பத்தி உருவாகிறது. 21இல் வரிசை நிட்டில் முடிவதால் இது மாறிவிடுகிறது. மாஸ் பின்னலின் நடுவே சிறு மேடுகள் நெடுக நிற்கக் கண்டால், எங்கோ ஒரு கண்ணி கூடியது அல்லது குறைந்தது என்று அறியலாம்.

வடம்போல் முறுக்கியது

கேபிள் என்றால் வடம். துணியின்மேல் முறுக்குக் கயிறு ஓடுவதுபோல் தோன்றும் இப்பின்னல், அயர்லாந்தின் மேற்குக் கடலிலுள்ள அரன் தீவுகளின் பெயரால் வழங்கும் ஸ்வெட்டர்களில் சிறப்பாகக் காணப்படும். ஆறு கண்ணி கேபிளை எடுத்துக்கொள்வோம். முதல் மூன்று கண்ணிகளைப் பின்னாமல் ஒரு குட்டை ஊசிக்கு மாற்றித் துணிக்கு முன்னே நிறுத்த வேண்டும். அடுத்த மூன்றையும் நிட்டாகப் பின்னி, பின்னர்க் குட்டை ஊசியிலுள்ள மூன்றையும் பின்ன வேண்டும். வரிசை இடம் மாறி, முறுக்கு இடப்பக்கம் சாயும். குட்டை ஊசியைத் துணிக்குப் பின்னே நிறுத்தினால் வலப்பக்கம் சாயும். ஆறு அல்லது எட்டு வரிசைக்கொருமுறை இவ்வாறு மாற்றினால் வடம் உருவாகும். இருபுறமும் பர்ல் கண்ணிகள் நின்றாலே வடம் எடுப்பாகத் தெரியும்.

முன்னே நிறுத்த வேண்டியதைப் பின்னே நிறுத்திவிடுவது இதில் நேரும் பிழை. சில வரிசைகள் கடந்த பின்னரே அது கண்ணிற்படும். அதற்காகத் துணி முழுவதையும் பிரிக்க வேண்டுவதில்லை. அந்த ஆறு கண்ணிகளை மட்டும் பிழை வரை இறக்கி மீண்டும் பின்னி ஏற்றலாம்.

கேஜ் என்னும் அளவு

குறித்த நீளத்தில் எத்தனை கண்ணிகள் அடங்குகின்றன என்பதே கேஜ். பிரிட்டானிய நூல்கள் இதை டென்ஷன் என்கின்றன. நம் பேச்சு வழக்கிலுள்ள டென்ஷன் இதனைக் கவனியாதவர்க்கே வரும்! திருப்பூர்ப் பின்னல் எந்திரங்களிலும் கேஜ் உண்டு. அங்கே அது ஓர் அங்குலத்திலுள்ள ஊசிகளின் எண்ணிக்கை.

மார்புச் சுற்றளவு 92 செ.மீ. உடைய ஒருவருக்குப் புல்லோவர் பின்னுவதாகக் கொள்வோம். தளர்ச்சிக்கு 8 செ.மீ. சேர்த்தால் ஆடையின் சுற்றளவு 100 செ.மீ. நூலிற் கூறிய கேஜ் 10 செ.மீ.க்கு 20 கண்ணிகள். எனவே 200 கண்ணிகள் ஏற்றுகிறோம். ஆனால் பின்னுபவர் கை இறுக்கமானது, 10 செ.மீ.க்கு 22 கண்ணிகள் விழுகின்றன. அப்போது 200 கண்ணிகள் ஏறத்தாழ 91 செ.மீ. மட்டுமே ஆகும். தளர்ச்சிக்கென விட்ட இடம் முழுவதும் போய், ஆடை உடம்பினும் சிறியதாகிவிடுகிறது. 10 செ.மீ.க்கு இரண்டு கண்ணி வேறுபாடு பல நாள் உழைப்பை வீணாக்கிவிட்டது.

இதைத் தவிர்க்க, 15 செ.மீ. சதுரத் துண்டொன்றை முதலிற் பின்னி, நனைத்து, உலர்த்தி, அதன் நடுவே 10 செ.மீ. அளந்து எண்ண வேண்டும். கண்ணிகள் மிகுந்தால் பருத்த ஊசியும், குறைந்தால் மெல்லிய ஊசியும் கொண்டு மீண்டும் பின்னிப் பார்க்க வேண்டும். கேபிள் தன் கண்ணிகளை நெருக்கி இழுப்பதால், கேபிள் ஆடைக்குக் கேபிளிலேயே மாதிரித் துண்டு பின்ன வேண்டும்.

கார்டிகனும் புல்லோவரும்

தலைவழியே இழுத்து அணிவது புல்லோவர். முன்புறம் திறந்து பொத்தானிட்டு மூடுவது கார்டிகன். 1854இல் கிரிமியப் போரின் பாலக்லாவாக் களத்தில் குதிரைப்படையை நடத்திய கார்டிகன் பிரபுவின் பெயரே இதற்கு அமைந்தது. நாம் மங்கி குல்லா என்று அழைக்கும் தலையுறைக்கு ஆங்கிலத்தில் அக்களத்தின் பெயர் வழங்குகிறது.

பின்னுபவர்க்கு இவ்விரண்டும் இருவேறு சிக்கல்களைத் தருகின்றன. புல்லோவரின் சிக்கல் கழுத்து. அது கழுத்தோடு ஒட்ட வேண்டும். தலை நுழையவும் விரிய வேண்டும். கழுத்துப்பட்டி ரிப்பாக இருந்தும், கடைசி வரிசையை இறுக்கி முடித்தால் தலை நுழையாது. ஆகவே அதனைத் தளர்வாக முடிப்பர்.

கார்டிகனின் சிக்கல் முன்பட்டி. மேற்சொன்ன 100 செ.மீ. ஆடையே கார்டிகனாயின் முதுகுக்கு 100 கண்ணிகள். முன்புறத்தை 50, 50 என்று பிரித்தல் பிழை. 3 செ.மீ. பட்டிகள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், பட்டியின் அகலத்தை ஒருமுறை கழித்து எஞ்சும் 47 செ.மீ.யை இரண்டாகப் பகுக்க வேண்டும். ஒரு பக்கத்திற்கு 23.5 செ.மீ.; அதாவது 47 கண்ணிகள். ஓரம் சுருளாது தட்டையாகப் படியும் மாஸ் பின்னல் இப்பட்டிக்கு மிகப் பொருந்தும். ஆடையின் ஓரத்திலிருந்து பட்டிக்குக் கண்ணி எடுக்கையில், நான்கு வரிசைக்கு மூன்று கண்ணி என்பது பொதுவான கணக்கு. மிகுதியாக எடுத்தால் பட்டி அலையலையாக நெளியும். குறைவாக எடுத்தால் முன்புறம் மேலே இழுபடும். பொத்தானிட்ட கார்டிகனின் அடிவிளிம்பைப் பார்த்த அளவில், பின்னியவரின் கணக்கு சரியா தவறா என்பது நமக்கு விளங்கிவிடும்.