'கேப்பிட்டல்' என்றால் பணம் மட்டும்தானா?

வெளிநாட்டில் சமூகவியல் படிக்கும் நம்மூர் மாணவர்களை மிரளவைக்கும் பாடங்களில் ஒன்று, பிரெஞ்சு அறிஞர் பியர் பூர்தியுவின் 'தி ஃபார்ம்ஸ் ஆஃப் கேப்பிட்டல்'. 1986-ல் ஆங்கிலத்தில் வந்த இந்தக் கட்டுரையில் ஒரே வாக்கியம் பல வரிகளுக்கு ஓடும்.

எப்படிப் பிரிப்பது? முதலில் முக்கிய வினைச்சொல்லைக் கண்டுபிடியுங்கள். பிறகு, 'எது?' என்று கேளுங்கள். நடுவே வரும் விளக்கங்களைத் தனி வாக்கியங்களாக்குங்கள்.

'கல்ச்சுரல் கேப்பிட்டல்' பற்றிய நீண்ட வாக்கியம் இப்படி நான்காகும்:

'கல்ச்சுரல் கேப்பிட்டல் மூன்று வடிவங்களில் இருக்கலாம். ஒன்று, நமக்குள் ஊறிய பழக்கமும் திறமையும். இரண்டு, பொருள்கள். மூன்று, பட்டமும் சான்றிதழும்.'

இப்போது நம்மூர் உதாரணம். வீட்டிலுள்ள வீணை பொருள். வாசிக்கும் விரல்கள் ஊறிய திறமை. இசைக் கல்லூரிப் பட்டம் மூன்றாவது.

சறுக்கல் எங்கே? 'கேப்பிட்டல்' என்பதைப் 'பணம்' என்று மாற்றுவதில்தான். பணத்தால் வீணையை இன்றே வாங்கலாம். வாசிப்பை வாங்க முடியாது, வருஷக்கணக்கில் பழக வேண்டும். பூர்தியு அழுத்திச் சொல்வதே இந்தக் கால அவகாசத்தைத்தான். சிறு வயதிலேயே வீட்டில் அது கிடைத்த பிள்ளை, பள்ளியில் முந்திவிடுகிறது.

அதனால் விளக்கத்தை எளிமையாக்குங்கள். 'கல்ச்சுரல் கேப்பிட்டல்' என்ற சொல்லை மட்டும் விடைத்தாளிலும் அப்படியே எழுதுங்கள். 'இருக்கலாம்' என்பதை 'இருக்கிறது' என்றும் மாற்றிவிடாதீர்கள்!