ஏடிஎம் வாசலோடு நின்றுபோகும் கணக்கு

பாஸ்புக்கைப் பிரித்தால் கரண்ட் பில் கட்டியது தெரியும், கடைக்குப் போனில் பணம் அனுப்பியது தெரியும். ஏடிஎம்மில் எடுத்த பணத்துக்கு மட்டும் ஒரே ஒரு வரிதான் இருக்கும்: இந்தத் தேதியில் நாலாயிரம். அந்த நாலாயிரம் கீரைக்காரம்மாவிடம் போனதா, டீக்கடைக்குப் போனதா, யாருக்காவது கைமாத்தாகப் போனதா என்பதெல்லாம் வங்கிக்குத் தெரியாது. அதன் கணக்கு ஏடிஎம் வாசலோடு நின்றுபோகிறது. அதற்குப் பிறகு நடப்பதை நாம்தான் எழுதியாக வேண்டும்.

எழுதுகிறவர்கள் நம் வீடுகளில் நிறையப் பேர் உண்டு. ஆனால் எழுதினால் மட்டும் போதாது. நோட்டில் இருப்பது நமக்கு நினைவிருந்த செலவு. மறந்துபோன செலவு அதில் இருக்காது. நோட்டை மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டு இவ்வளவுதான் செலவு என்று சொல்கிறவர், மறந்ததை விட்டுவிட்டுத்தான் சொல்கிறார். மறந்தது எவ்வளவு என்று காட்ட ஒரே ஒரு வழி இருக்கிறது. ஏடிஎம்மில் எடுத்த பணத்தையும் கையில் மிஞ்சிய பணத்தையும் நோட்டுக்கு எதிரே வைத்து, வாரம் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

இதற்கான கணக்கு ஒரு வரியில் அடங்கிவிடும். வாரத் தொடக்கத்தில் இருந்த ரொக்கம், அதோடு அந்த வாரம் ஏடிஎம்மில் எடுத்தது, வேறு வழியில் கைக்கு வந்த காசு. இந்த மூன்றையும் கூட்டி, வாரக் கடைசியில் எண்ணிய ரொக்கத்தைக் கழித்தால் வருவதுதான் கையை விட்டு உண்மையில் போன பணம். நோட்டின் கூட்டுத்தொகை அதற்குச் சமமாக இருந்தால் நோட்டை நம்பலாம். இரண்டுக்கும் இடையே வித்தியாசம் வந்தால், அதுதான் நாம் தேட வேண்டிய தொகை.

தொடங்கும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும்: எந்தெந்த இடத்தில் இருக்கும் பணம் இந்தக் கணக்கில் சேரும்? எங்கள் வீட்டில் மூன்று இடங்கள். என் பர்ஸ், சமையலறை டப்பா, சில்லறைக் கிண்ணம். என் பர்ஸிலிருந்து முந்நூறு எடுத்து டப்பாவில் போட்டால் அது செலவு அல்ல. எல்லைக்குள்ளேயே இடம் மாறிய பணம். மகனுக்குக் கொடுக்கும் கைச்செலவுக் காசு எல்லையைத் தாண்டிவிடுகிறது. அதனால் கொடுத்த அன்றே செலவு என்று எழுதிவிடுகிறோம். அவன் அதை என்ன செய்தான் என்பது இந்த நோட்டின் வேலை இல்லை. இந்த எல்லையைப் போடாத வீடுகளில் ஒரே பணம் இரண்டு முறை செலவாக ஏறிவிடும். வீட்டுச் செலவுக்குக் கொடுத்தது முந்நூறு என்று கணவர் எழுதுவார். காய்கறி, பூ, பால் என்று அதே முந்நூறை மனைவியும் எழுதுவார்.

அடுத்தது, எப்போது எழுதுவது என்பது. பொருள் வீட்டுக்கு வந்த நாள் கணக்கில்லை. காசு கையை விட்டுப் போன நாள்தான் கணக்கு. அண்ணாச்சி கடையில் எழுதிக்கொள்ளச் சொல்லி அரிசி வாங்கினால் அன்று நோட்டில் வரி வேண்டாம். பாக்கியைக் காசாகக் கொடுக்கும் நாளில் எழுதினால் போதும். போனில் அனுப்பிய பணமும் இந்த நோட்டுக்குள் வரக் கூடாது. ஆனால் இரண்டும் கலக்கும் ஓர் இடம் உண்டு. நாலு பேர் ஹோட்டலில் சாப்பிட்டு, பில்லை நீங்கள் போனில் கட்டுகிறீர்கள். மற்ற மூவரும் தங்கள் பங்கைக் காசாக உங்கள் கையில் தருகிறார்கள். உங்கள் பர்ஸுக்கு அது வரவு. ஏடிஎம் பக்கமே போகாமல் வந்த இந்தப் பணத்தை எழுதாமல் விட்டால் வாரக் கணக்கு உதைக்கும்.

பையில் அடங்கும் சின்ன நோட்டே போதும். தேதி, விவரம், வரவு, செலவு என்று நாலு கட்டம். பூ 20, டீ 15, இஸ்திரி 60 போன்ற சின்னத் தொகைகளைக் கொடுத்த இடத்திலேயே எழுதிவிட வேண்டும். இரவு வரை அவை நினைவில் நிற்காது. தவறாக எழுதியதை அழிக்காமல் ஒரு கோடு மட்டும் போட்டு அடியுங்கள், தேடும்போது உதவும். ஏடிஎம்மில் எடுத்த தொகையை அங்கேயே வரவுக் கட்டத்தில் எழுதிவிடுங்கள். அந்தச் சீட்டை நம்பி வைத்திருப்பதில் பயனில்லை, அதன் எழுத்து நாளாக ஆக மங்கிவிடும்.

இப்போது எங்கள் வீட்டின் ஒரு வாரத்தைப் பார்ப்போம். சனிக்கிழமை இரவு எண்ணுவது எங்கள் வழக்கம். ஞாயிறு காலை கறிக்கடைக்குப் போன பிறகு எண்ணினால் அன்றைய செலவு எந்த வாரத்தில் சேரும் என்ற குழப்பம் வரும்.

முந்தைய சனிக்கிழமை பர்ஸில் 640, டப்பாவில் 1,120, கிண்ணத்தில் 85. மொத்தம் 1,845 ரூபாய் இருந்தது. திங்கள்கிழமை ஏடிஎம்மில் 4,000, வெள்ளிக்கிழமை 2,000 எடுத்தேன். ஆக, கைக்கு வந்தது 7,845. இந்தச் சனிக்கிழமை பர்ஸில் 410, டப்பாவில் 930, கிண்ணத்தில் 62, மிஞ்சியது 1,402. கழித்தால் 6,443 ரூபாய் போயிருக்கிறது. நோட்டின் செலவுக் கட்டத்தைக் கூட்டினால் 5,910 தான் வந்தது. 533 ரூபாய்க்குக் கணக்கு இல்லை.

இந்த மாதிரி நேரத்தில் முதலில் செலவைத் தேடக் கூடாது. வரவைத் தேட வேண்டும். எழுதாமல் விட்ட வரவு, எழுதாமல் விட்ட செலவை மறைத்துவிடும். வேறு ஏதாவது காசு வந்ததா என்று வீட்டில் கேட்டேன். “ஏங்க, வியாழக்கிழமை பழைய பேப்பர்க்காரர் வந்தாரே, 180 ரூபாய் குடுத்தார். டப்பாவுலதான் போட்டேன்” என்றார் மனைவி. அதையும் சேர்த்தால் கைக்கு வந்தது 8,025, போனது 6,623. துண்டு விழுவது 533 அல்ல, 713. பணம் வந்ததாகக் கண்டுபிடித்தபோது வித்தியாசம் கூடியது. பார்க்க விநோதமாக இருக்கும், ஆனால் 713 தான் உண்மையான தொகை.

பிறகு பெரிய நோட்டிலிருந்து தேடினோம். துண்டு விழுவது ஐந்நூறுக்கு மேல் இருந்தால், ஒரு முழு ஐந்நூறு ரூபாய் நோட்டு எங்கே போனது என்பதுதான் முதல் கேள்வி. பெரும்பாலும் அது கடையில் செலவான பணமாக இருக்காது. கைமாத்து, கோயில், மொய், மருந்துக்கென்று யாருக்காவது கொடுத்தது என்று இருக்கும். செவ்வாய்க்கிழமை மச்சான் அவசரமாகக் கேட்டு வாங்கிப் போனது நினைவுக்கு வந்தது. மிச்சம் 213.

அடுத்து நோட்டில் நாள்வாரியாகப் பார்த்தோம். தினமும் நாலைந்து வரி இருக்க, புதன்கிழமைக்கு ஒரே ஒரு வரி இருந்தது. அப்படி வெறிச்சென்று கிடக்கும் நாளில்தான் மறதி ஒளிந்திருக்கும். அன்று எங்கே போனேன் என்று காலையிலிருந்து நினைத்துப் பார்த்தேன். வண்டிக்கு 150 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டது எழுதப்படவில்லை. மிச்சம் 63.

63 ஒன்பதால் வகுபடும் எண். கணக்கெழுதும் ஆட்களுக்கு இது பழைய தடயம். எழுதும்போது பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால், வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் மீதியின்றி வகுபடும். நோட்டில் மறுபடி பார்த்தோம். மளிகை 207 என்று இருந்தது. பையில் கிடந்த பில்லில் 270. எல்லாவற்றையும் கண்டுபிடித்து ஒரே ஒரு பிழை பாக்கி இருக்கும்போதுதான் இந்தத் தடயம் உதவும். தொடக்கத்திலேயே 713ஐ ஒன்பதால் வகுத்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது.

அந்த வாரம் கணக்கு நேராகிவிட்டது. ஆனால் மச்சானுக்குக் கொடுத்த 500 செலவில் சேராது, திரும்பி வர வேண்டிய பணம். அதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனியாக எழுதினேன். ஆக, அந்த வாரத்தின் உண்மையான ரொக்கச் செலவு 6,123 ரூபாய். அவர் திருப்பித் தரும் நாளில் அது வரவுக் கட்டத்தில் ஏறும். அப்படி எழுதாவிட்டால் அந்த வாரம் கையில் கணக்குக்கு மேல் பணம் இருக்கும்.

பணம் கூடுதலாக இருப்பதும் பிழைதான். எழுதாத வரவு ஒரு காரணம். போனில் கட்டியதை ரொக்கச் செலவாக எழுதியது இன்னொன்று. ஒரே செலவை இரண்டு பேரும் எழுதியிருப்பது மூன்றாவது. இவற்றை இதே வரிசையில் பாருங்கள்.

எல்லா வாரமும் இப்படி நேராகாது. எங்களுக்கு நாற்பது, ஐம்பது ரூபாய் கண்டுபிடிக்க முடியாமல் நிற்பது சாதாரணம். கால் மணி நேரம் தேடிவிட்டு, ‘தெரியாதது’ என்று ஒரு வரி எழுதி அந்த வாரத்தை முடிக்கிறோம். டீயிலோ பஸ்ஸிலோ அதை ஒட்டவைத்துச் சரிக்கட்டுவதில்லை. அப்படிச் செய்தால் இந்தக் கணக்கு காட்டும் முக்கியமான எண் காணாமல் போய்விடும். அடுத்த வாரம் எண்ணிய 1,402 ரூபாயிலிருந்து புதிதாகத் தொடங்கும். பழைய பிழை அதற்குள் வராது. மாதம் ஒருமுறை பார்ப்பதைவிட வாரம் ஒருமுறை நல்லது என்பதற்குக் காரணம் இதுவே. ஏழு நாளைக்கு முந்தைய புதன்கிழமையை நினைவில் மீட்டுவிடலாம், இருபத்தைந்து நாளைக்கு முந்தையதை முடியாது.

ஏடிஎம் பக்கமும் பிழை வரலாம். இயந்திரத்தின் முன்னால் நின்றே நோட்டுகளை எண்ணி, கைக்கு வந்த தொகையை மட்டும் எழுதுங்கள். கணக்கில் பணம் கழிந்து, நோட்டு வராமல் போனால் அது வரவு ஆகாது. வங்கியிடம் கேட்க வேண்டிய பணம் அது. ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டு விதிப்படி, வங்கி அதை 5 நாளுக்குள் கணக்கில் திருப்ப வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் தர வேண்டும். இலவச எண்ணிக்கைக்கு மேல் பணம் எடுத்தால் வங்கி பிடிக்கும் கட்டணத்தை இந்த நோட்டில் எழுத வேண்டாம். அந்தப் பணம் நம் கைக்கு வரவே இல்லை.

இரண்டு மாதம் இப்படிப் பார்த்த பிறகு, ‘தெரியாதது’ வரிகளை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். எங்கள் நோட்டில் அது வெள்ளிக்கிழமை ஏடிஎம் போன வாரங்களில் கூடியது, பர்ஸில் சின்ன நோட்டுகளே இருந்த வாரங்களில் குறைந்தது. இப்போது திங்கள்கிழமை ஒரே முறை எடுத்து, பாதியை டப்பாவில் போட்டுவிடுகிறோம். போன சனிக்கிழமை அந்த வரியில் இருந்தது 18 ரூபாய்.