சின்னத்துரைக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

ஹட்டன், நுவரெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் முகாமையாளரைப் பெரியதுரை என்றும் உதவி முகாமையாளரைச் சின்னத்துரை என்றும்தான் இன்றும் சொல்கிறார்கள். வெள்ளையர் காலத்தில் சின்னத்துரையாக வந்தவர் கப்பலேறி வந்த இளைஞர். இன்று அந்த இடத்துக்கு வயம்ப, ஊவா வெல்லஸ்ஸ போன்ற பல்கலைக்கழகங்களில் படித்த பட்டதாரிகள் வருகிறார்கள். லயன் அறையில் பிறந்து படித்து முன்னேறிய பிள்ளையோ, வன்னியில் முகாமிலிருந்து பள்ளிக்கூடம் போன பிள்ளையோ அந்த வேலைக்கு விண்ணப்பிக்கத் தடையில்லை. வேலை கிடைத்த பிறகு முதல் இரண்டு வருடத்தைத் தாக்குப்பிடிப்பதுதான் கேள்வி.

தோட்டத்தில் வேலை பழக்குவதற்குப் பழைய முறை ஒன்று இருந்தது. 'கிரீப்பர்' என்று அதற்குப் பெயர். புதிதாக வரும் இளைஞர் ஒரு பெரியதுரையின் கீழ் தங்கி, மலையேறி, வேலை பார்த்தே பழகுவார். ஆரம்ப காலத்தில் அதற்காகப் பெரியதுரைக்குப் பணம்கூடக் கொடுத்தார்கள். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் அவற்றின் நிர்வாகம் 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. இத்தனைக்குப் பிறகும் கிரீப்பர் முறையின் அடிப்படை மாறவில்லை. சொல்லிக்கொடுப்பவரும் மதிப்பீட்டு அறிக்கை எழுதுபவரும் ஒரே ஆள்தான்.

கோளாறு அங்கேதான் இருக்கிறது. ஓர் உதாரணம் பார்ப்போம். மழைநாளில் கொழுந்து நிறுக்கும்போது, இலையில் உள்ள ஈரத்துக்கென்று கொஞ்சம் நிறை கழிப்பார்கள். எத்தனை கிலோ கழிப்பது என்பதில்தான் தோட்டத்தில் பாதிச் சண்டை வரும். புதிய சின்னத்துரை கொஞ்சம் கூடுதலாகக் கழித்துவிடுகிறார். பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நிற்கிறார்கள். மறுநாள் காலை, ஆட்களுக்கு வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டுக்களத்தில் பாதிப் பேர் இல்லை. கவ்வாத்துக்கு முன் செடியின் வேரை வெட்டி அயடீன் தடவி மாப்பொருள் இருப்பைப் பார்க்கப் பல்கலைக்கழகம் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. இந்த இடத்தில் என்ன பேசுவது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. பெரியதுரையிடம் கேட்டால், "நான் பிழை விட்டுவிட்டேன்" என்று, தன் சம்பள உயர்வைத் தீர்மானிப்பவரிடமே ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே கேட்கமாட்டார். கேட்காமல் மறைத்த பிழை அடுத்த வாரம் தொழிற்சங்கத்தின் கடிதமாக வந்து சேரும்.

எனவே ஒரு கம்பனிக்கு இப்படியொரு திட்டத்தை எழுதிக்கொடுப்பதென்றால், வழிகாட்டி அந்தப் பட்டதாரியின் மேலதிகாரியாக இருக்கக்கூடாது என்பதே அதன் முதல் வரியாக இருக்க வேண்டும்.

கணக்குக்காக, 14 தோட்டங்கள் உள்ள கம்பனி ஒன்று ஆறு பட்டதாரிகளை எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அதே கம்பனியின் வேறொரு தோட்டத்து முகாமையாளர். பட்டதாரி ஹட்டன் பக்கத்தில் என்றால், முகாமையாளர் தலவாக்கலைப் பக்கத்தில் இருக்கலாம். வந்துபோகிற தூரம் போதும். மற்றவர் டிவிசனை அறிந்த ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளை அல்லது வெளிக்கள உத்தியோகத்தர். எந்த மலையில் எந்த வருடம் கவ்வாத்து நடந்தது, எந்தக் குடும்பத்துக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். கம்பனிகள் இவருக்குக் கொடுப்பனவு ஒதுக்கத் தயங்கலாம். என்னைக் கேட்டால், இரண்டில் ஒன்றைத்தான் வைக்கலாம் என்றால் இவரையே வைப்பேன்.

ஜோடி சேர்ப்பதைத் தலைமை அலுவலகம் தன்னிஷ்டப்படி செய்யக்கூடாது. பட்டதாரி மூன்று பெயரும் முகாமையாளர் மூன்று பெயரும் எழுதிக்கொடுக்கட்டும். பொருந்துவதை எடுத்துக்கொள்ளலாம். மூன்றாம் மாதம் முடியும்போது, காரணம் சொல்லாமலே இருவரில் ஒருவர் விலகலாம் என்ற விதி வேண்டும். பெண் பட்டதாரிக்குப் பெண் முகாமையாளர் கிடைப்பது கடினம். ஆகவே சந்திப்பு பகலில், அலுவலகத்திலோ தொழிற்சாலையிலோ நடக்க வேண்டும், பங்களாவில் அல்ல. பெற்றோர் வேலை செய்யும் தோட்டத்திலேயே பிள்ளையைச் சின்னத்துரையாகப் போடுவது நல்ல மனதோடு செய்யும் காரியமாக இருக்கலாம். ஆனால் முதல் வருடத்திலேயே சொந்த மாமியின் கொழுந்தை நிறுக்க வைப்பது இரு பக்கத்துக்கும் சோதனை. இன்னொரு தோட்டத்தில் தொடங்குவதே நல்லது.

கால அட்டவணையைத் தேயிலையின் வருடத்தோடு பொருத்த வேண்டும். ஜனவரியில் சேர்ந்தால் முதலில் வருவது வறட்சியான, தரமான தேநீர் கிடைக்கும் காலம். கொழுந்து குறைவு, பழக நேரம் உண்டு. முதல் ஆறு வாரமும் வாரம் ஒரு சந்திப்பு. பிறகு ஆறாம் மாதம் முடியும்வரை இரண்டு வாரத்துக்கு ஒன்று. அதன் பின் மாதம் ஒன்று. மொத்தம் 22 சந்திப்பு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். அதில் எட்டாவது நேரில் நடக்க வேண்டும், மற்றவை தொலைபேசியில் போதும். ஏப்ரல், மே மாதங்களில் மழையோடு கொழுந்து பெருகும்போதுதான் சந்திப்புகள் முதலில் கைவிடப்படும். பட்டதாரிக்கு ஆள் தேவைப்படுவதும் அப்போதுதான். அந்த இரு மாதமும் சந்திப்பைத் தள்ளிப்போடாமல், அரை மணி நேரத் தொலைபேசிப் பேச்சாகச் சுருக்குவது என்று முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். ஜூனுக்குப் பிறகு தென்மேல் பருவமழையும் கொப்புள நோயும் வரும்போது பேச வேறு விஷயங்கள் தானாக வரும்.

பேசியது என்ன என்பது கம்பனிக்குப் போகக்கூடாது. சந்தித்த திகதி மட்டும் போகட்டும். உயிராபத்து, துன்புறுத்தல் இரண்டும் விதிவிலக்கு. அதை முதல் நாளே இருவருக்கும் சொல்லிவிட வேண்டும்.

வெற்றியை எப்படி அளப்பது? "திட்டம் பயனுள்ளதா" என்ற படிவத்துக்கு எல்லோரும் ஆம் என்றே எழுதுவார்கள், அதில் ஒன்றுமில்லை. 12 மாதத்திலும் 24 மாதத்திலும் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்பதை, திட்டம் இல்லாத முந்திய மூன்று தொகுதிகளோடு ஒப்பிடலாம். ஆனால் ஆறு பேரில் ஒருவர் போனாலே 17 வீதம் ஆகிவிடும். அதனால் வீதத்தை விட்டுவிட்டு, போனவர் ஏன் போனார் என்பதைக் கம்பனிக்கு வெளியே உள்ள ஒருவர் கேட்டு எழுதுவதே பயன் தரும்.

இரண்டாவது அளவுகோல் மலையிலேயே இருக்கிறது. ஒரு மலையில் கொழுந்து பறித்துவிட்டுத் திரும்ப அதே மலைக்கு வர சுமார் ஏழு நாள். அது பத்து, பதினொன்று என்று நீண்டால் இலை முற்றும், தேயிலையின் தரம் விழும். சின்னத்துரை ஆட்களைச் சரியாகப் பிரிக்கிறாரா என்பது இந்த நாட்கணக்கில் தெரியும், டிவிசன் புத்தகத்திலும் அது இருக்கிறது. மொத்த விளைச்சலைப் பார்த்து அவரைத் தீர்ப்பிடக்கூடாது, அது மழையின் வேலை. ஆட்கள் கொழும்புக்குப் போய்விட்டாலும் நாள் நீளும் என்பதால், அதே தோட்டத்தின் அடுத்த டிவிசனோடுதான் ஒப்பிட வேண்டும்.

நிறுவைத் தகராறுகளையும் எண்ணலாம். முதல் சில மாதம் முறைப்பாடு கூடினால் உடனே தோல்வி என்று எழுதிவிட வேண்டாம். கேட்கக்கூடிய சின்னத்துரை வந்திருக்கிறார் என்பதால்கூடப் பெண்கள் வாய் திறந்திருப்பார்கள். ஆறாம் மாதத்துக்குப் பிறகும் குறையாவிட்டால்தான் கவலை.

திட்டம் செத்துப்போனதைக் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம். திகதிப் புத்தகத்தைத் திறந்தால் நான்கு சந்திப்பு ஒரே பேனையில், ஒரே நாளில் எழுதப்பட்டிருக்கும்.