எலும்பு மஜ்ஜை அறிக்கை சொல்வது என்ன?

எலும்பு மஜ்ஜை அறிக்கையில் முதலில் வருவது செல்லுலாரிட்டி. மஜ்ஜையில் கொழுப்பு போக, ரத்தம் உண்டாக்கும் செல்கள் எத்தனை சதவீத இடத்தைப் பிடித்திருக்கின்றன என்பதே அது. இதை வயதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். நூறிலிருந்து வயதைக் கழித்தால் இருக்க வேண்டிய அளவு ஏறத்தாழக் கிடைக்கும். 70 வயதுக்காரருக்கு 30 சதவீதம் இயல்பு. 20 வயது இளைஞருக்கு அதே 30 மிகக் குறைவு.

பிளாஸ்ட் என்பது முதிராத இளம் செல். ஊசியால் உறிஞ்சிய மஜ்ஜையைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, வழக்கமாக 500 செல்களை எண்ணிச் சதவீதம் சொல்கிறார்கள். 'பிளாஸ்ட் 2 சதவீதம்' என்றிருந்தால் பயப்பட வேண்டியதில்லை. ஆரோக்கியமானவருக்கும் 5 சதவீதத்துக்குள் இருக்கும். பொதுவாக 20 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் தீவிர ரத்தப் புற்றுநோய் என்று கொள்கிறார்கள். சில மரபணு மாற்றங்கள் இருந்தால் அதற்குக் குறைவாக இருக்கும்போதே அந்த முடிவுக்கு வருவதுண்டு.

இரும்புச் சேமிப்பைக் காண ஒரு சாயம் ஏற்றுவார்கள். இரும்பு இருக்குமிடம் நீலமாகும். நீலமே இல்லையென்றால் இரும்புச்சத்துக் குறைபாடு. சோகை இருந்தும் நீலம் நிறைய இருந்தால், நாள்பட்ட அழற்சி போன்ற வேறு காரணத்தைத் தேட வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம்: மாதிரியில் மஜ்ஜைத் துணுக்குகளே இல்லாமல் வெறும் ரத்தம் வந்திருந்தால், 'இரும்பு இல்லை' என்ற வரியை நம்ப முடியாது. எலும்புத் துண்டில் சுண்ணாம்பை நீக்க ஊற்றும் அமிலமும் இரும்பைக் கரைத்துவிடக்கூடும். அறிக்கையில் மாதிரியின் தரம் பற்றிய வரியை முதலில் பார்ப்பது அதனால்தான்.