ஓடுபவருக்கு மட்டும் தெரியும் மின்புலம்

யார் பார்வையில்? – 9

1996ஆம் ஆண்டு பிப்ரவரி 25. கொலம்பியா விண்கலம் பூமிக்கு மேலே சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதிலிருந்த விண்வெளி வீரர்கள் பட்டம் விடுவதுபோல ஒரு வேலை செய்துகொண்டிருந்தார்கள். இத்தாலியில் செய்த உருண்டையான செயற்கைக்கோள் ஒன்றை நீண்ட கயிற்றின் நுனியில் கட்டி, பூமிக்கு எதிர்த்திசையில் மேலே மேலே விட்டார்கள். கயிற்றின் தடிமன் இரண்டரை மில்லிமீட்டர்தான். உள்ளே செப்புக் கம்பி, அதைச் சுற்றி மின்காப்பு உறை, வெளியே இழுவிசையைத் தாங்கும் இழைகள்.

சுமார் ஐந்து மணி நேரத்தில் 19.7 கிலோமீட்டர் கயிறு வெளியே போயிருந்தது. இன்னும் ஒரு கிலோமீட்டர் போனால் முடிந்துவிடும். அப்போது கயிறு அறுந்து, செயற்கைக்கோள் கையைவிட்டுப் போனது.

விசாரணைக் குழு அறுந்த முனையை ஆராய்ந்தது. இழுப்பு தாங்காமல் மட்டும் அறுந்த கயிறு அல்ல அது. முனை கருகியிருந்தது. மின்காப்பு உறை ஓரிடத்தில் சேதப்பட்டு, அங்கே கம்பியிலிருந்து மின்பொறி பாய்ந்து, கயிற்றின் பெரும்பகுதியை எரித்திருக்கிறது. மிச்சம் இருந்த நூலிழை இழுப்புக்குத் தாங்கவில்லை. அந்த நேரத்தில் கம்பியின் இரு முனைகளுக்கும் இடையே சுமார் 3,500 வோல்ட் இருந்தது.

அந்த 3,500 வோல்ட்டைக் கொடுத்தது யார்? கம்பியோடு எந்த பேட்டரியும் இணைக்கப்படவில்லை, ஜெனரேட்டரும் இல்லை. இந்த வாரம் நமக்கு இந்த ஒரு கேள்வி போதும்.

விடை சொல்ல இருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அந்த உயரத்தில் காற்று கிட்டத்தட்ட இல்லை. ஆனால் சூரிய ஒளி பட்டுச் சிதறிய எலக்ட்ரான்களும் அயனிகளும் மெல்லிய பிளாஸ்மாவாக மிதக்கின்றன. முதலாமவர் அந்தப் பிளாஸ்மாவோடு மிதப்பவர். இரண்டாமவர் விண்கலத்தில் இருப்பவர். விண்கலம் பிளாஸ்மாவைக் கிழித்துக்கொண்டு நொடிக்குச் சுமார் 7.5 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே ஓடுகிறது.

மிதப்பவர் சொல்வது இது: “இங்கே இருப்பது பூமியின் காந்தப்புலம் மட்டும்தான். அது வடக்கு நோக்கி இருக்கிறது. மின்புலம் எதுவும் இல்லை. கம்பி கிழக்கே ஓடுகிறது, அதோடு சேர்ந்து கம்பிக்குள் இருக்கும் எலக்ட்ரான்களும் ஓடுகின்றன. ஓடும் மின்னூட்டத்தைக் காந்தப்புலம் பக்கவாட்டில் தள்ளும். அந்தத் தள்ளல்தான் எலக்ட்ரான்களைக் கீழ்நோக்கி நகர்த்துகிறது.”

விண்கலத்தில் இருப்பவருக்கு இந்த விளக்கம் ஒத்துவராது. அவர் கண்ணெதிரே கம்பி அசையாமல் நிற்கிறது. நிற்கும் மின்னூட்டத்தைக் காந்தப்புலம் தொடக்கூட முடியாது. ஆனாலும் எலக்ட்ரான்கள் கீழே நகர்கின்றன. நிற்கும் மின்னூட்டத்தைத் தள்ளக்கூடியது மின்புலம் மட்டுமே. ஆகவே அவர் தயங்காமல் சொல்வார்: “இங்கே மேல்நோக்கி ஒரு மின்புலம் இருக்கிறது.” எலக்ட்ரானின் மின்னூட்டம் எதிர்க்குறி என்பதால் புலம் மேல்நோக்கி இருந்தால் அது கீழே போகும்.

இருவரில் ஒருவர் பொய் சொல்கிறாரா? இந்தச் சங்கடத்தைத்தான் ஐன்ஸ்டைன் 1905ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதல் பத்தியிலேயே எழுதினார். காந்தத்தை நிறுத்திவிட்டுக் கம்பிச்சுருளை நகர்த்தினாலும், சுருளை நிறுத்திவிட்டுக் காந்தத்தை நகர்த்தினாலும் ஒரே மின்னோட்டம்தான் வருகிறது. பாடப்புத்தகமோ இரண்டுக்கும் இரண்டு வெவ்வேறு காரணம் சொல்கிறது. நடப்பது ஒன்று, கதை இரண்டு என்பது அவருக்கு உறுத்தியது. மின்புலமும் காந்தப்புலமும் தனித்தனிப் பொருள்கள் அல்ல, ஒரே மின்காந்தப் புலத்தை யார் எந்த வேகத்தில் பார்க்கிறார் என்பதைப் பொறுத்தே இது மின் பங்கு, அது காந்தப் பங்கு என்ற பிரிவினை அமைகிறது என்பது அவர் கண்ட தீர்வு.

பிரிவினைக்குத் திட்டமான விதி உண்டு. ஒருவருக்கு வெறும் காந்தப்புலம் B மட்டும் தெரிகிறது என்றால், அதற்குக் குறுக்கே, ஒளியைவிட மிகக் குறைந்த v வேகத்தில் ஓடுபவருக்கு vB அளவுக்கு மின்புலமும் தெரியும். அதன் திசை, ஓடும் திசைக்கும் காந்தப்புலத்தின் திசைக்கும் செங்குத்து. காந்தப்புலத்தின் போக்கிலேயே ஓடுபவருக்கு எதுவும் முளைக்காது.

இதை நம் ஊர் ரயிலிலேயே பார்க்கலாம். தென் தமிழ்நாட்டில் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ தரைக்கு இணையாக வடக்கு நோக்கிப் படுத்திருக்கிறது. அதன் அளவு ஒரு டெஸ்லாவில் லட்சத்தில் 4 பங்கு. மதுரையிலிருந்து நாகர்கோவிலுக்குப் போகும் ரயில் கிட்டத்தட்ட புலத்தின் கோட்டிலேயே ஓடுகிறது. அதில் பயணிப்பவருக்கு மின்புலம் முளைப்பது மிகக் குறைவு. அதே மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கிழக்கே மணிக்கு 90 கிலோமீட்டரில், அதாவது நொடிக்கு 25 மீட்டரில் போகிறவருக்கு, ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒரு மில்லிவோல்ட் வீதம் செங்குத்தான மின்புலம் முளைக்கிறது.

இப்போது விண்கலத்துக்கு வருவோம். வேகம் நொடிக்கு 7,500 மீட்டர். அங்கே காந்தப்புலம் டெஸ்லாவில் லட்சத்தில் 3 பங்கு என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் மீட்டருக்கு 0.225 வோல்ட். கயிற்றின் நீளமான 19,700 மீட்டரால் பெருக்கினால் சுமார் 4,400 வோல்ட். உண்மையில் இருந்தது 3,500. வேறுபாட்டுக்குக் காரணம் இருக்கிறது. விண்கலத்தின் பாதை நிலநடுக்கோட்டுக்கு 28 பாகைக்கு மேல் சாய்ந்தது. புலம், பாதை, கயிறு மூன்றும் ஒன்றுக்கொன்று சரியான செங்குத்தில் அமைவதில்லை. கையால் போட்ட கணக்கு இவ்வளவு நெருங்கி வருவதே போதுமானது.

கூர்ந்து படிப்பவருக்கு ஒரு சந்தேகம் எழும். விண்கலத்தில் இருப்பவர் கண்ணில் மின்புலம் கயிற்றில் மட்டுமல்ல, சுற்றிலும் பரவியிருக்கிறது. அப்படியானால் அது பிளாஸ்மாவிலுள்ள எலக்ட்ரான்களையும் அயனிகளையும் மேலும் கீழும் இழுத்துப் பிரித்திருக்க வேண்டாமா? மிதப்பவரோ பிளாஸ்மா சும்மா மிதக்கிறது என்கிறார்.

இங்கேதான் கணக்கின் நேர்த்தி தெரிகிறது. விண்கலத்தில் இருப்பவர் பார்வையில் பிளாஸ்மா நிற்கவில்லை. அது நொடிக்கு 7.5 கிலோமீட்டரில் மேற்கே விரைகிறது. ஓடும் மின்னூட்டத்தை மின்புலம் ஒரு பக்கம் தள்ள, காந்தப்புலம் அதே அளவுக்கு எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. இரண்டும் கழிந்து பூஜ்ஜியம். கம்பியில் உள்ள எலக்ட்ரானுக்கு அவர் பார்வையில் வேகம் இல்லை, ஆகவே கழிக்க ஆள் இல்லை. மின்புலம் அதைத் தள்ளிவிடுகிறது. புலங்களின் பெயரில் இருவருக்கும் கருத்து வேறுபாடு. எந்த எலக்ட்ரான் நகரும், எது நகராது என்பதில் வேறுபாடே இல்லை.

விமானத்தில் வோல்ட்மீட்டர் வைத்து இதை அளக்க முயன்றால் முள் அசையாததற்கும் காரணம் உண்டு. இரு இறக்கை நுனிகளுக்கும் இடையே அரை வோல்ட் அளவுக்குக்கூட முளைக்கலாம். ஆனால் வோல்ட்மீட்டரின் இணைப்புக் கம்பியும் விமானத்தோடுதான் பறக்கிறது. அதிலும் அதே அளவு முளைத்து, சுற்று முழுவதும் சேர்ந்து பூஜ்ஜியமாகிவிடும். கொலம்பியாவில் அது நடக்கவில்லை. கயிறு ஒரு பாதி. சுற்றை மூடிய மறுபாதி பிளாஸ்மா. அது விண்கலத்தோடு ஓடவில்லை. மேலே செயற்கைக்கோள் பிளாஸ்மாவிலிருந்து எலக்ட்ரான்களை வாரிக்கொள்ள, அவை கயிறு வழியே கீழே இறங்கி, விண்கலத்திலிருந்து மீண்டும் பிளாஸ்மாவுக்குள் விடப்பட்டன. அதற்கான விலையை விண்கலத்தின் ஓட்டம் கொடுத்தது. மின்னோட்டம் பாயும் கயிற்றைக் காந்தப்புலம் மேற்கே இழுக்கும். அது ஒரு பிரேக்.

ஒரு தவறான படத்தை மனதிலிருந்து அழித்துவிட வேண்டும். ‘காந்தப்புலம் மின்புலமாக மாறுகிறது’ என்றால், ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றுவதுபோல, இங்கே கூடியது அங்கே குறைந்திருக்கும் என்று தோன்றும். அப்படி இல்லை. மிதப்பவரைவிட ஓடுபவருக்கு மின்புலம் புதிதாக முளைக்கிறது, காந்தப்புலமும் ஒரு துளி கூடுகிறது. இந்த வேகத்தில் அந்தக் கூடுதல் ஆயிரம் கோடியில் மூன்று பங்கு, அவ்வளவுதான். இரண்டும் சேர்ந்தே வளரும். மாறாமல் இருப்பது அவற்றின் வித்தியாசம்: E² − c²B². இங்கே c ஒளியின் வேகம். யார் எந்த வேகத்தில் ஓடிப் பார்த்தாலும் இந்த எண் ஒன்றே.

இதிலிருந்து ஒரு முடிவு கிடைக்கிறது. நம் உதாரணத்தில் cB என்பது மீட்டருக்கு 9,000 வோல்ட்டுக்குச் சமம். அதன் பக்கத்தில் முளைத்த 0.225 வோல்ட் வெறும் தூசு. ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடினாலும், ஓடுபவர் காணும் E, அவரே காணும் cB-ஐ ஒருபோதும் எட்டிப்பிடிக்காது. அதாவது, எப்படி ஓடினாலும் பூமியின் காந்தப்புலத்தை முழுக்க மின்புலமாக்கிக் காட்டும் பார்வை என்று ஒன்று கிடையாது.

எதிர்த்திசையிலும் கலப்பு நடக்கும். வெறும் மின்புலத்தின் குறுக்கே ஓடுபவருக்குக் காந்தப்புலம் முளைக்கும். ஆனால் அதன் அளவு vE/c². கீழே உட்கார்ந்திருக்கும் அந்த c² எல்லாவற்றையும் நசுக்கிவிடுகிறது. மீட்டருக்குப் பத்து லட்சம் வோல்ட், காற்றே பொறிவிடும் நிலைக்கு நெருங்கிய புலம் அது. அதை நொடிக்கு 40 மீட்டரில் கடந்தால் முளைப்பது பூமியின் காந்தப்புலத்தில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு. ஃபாரடே 1831இலேயே காந்தத்திலிருந்து மின்சாரம் எடுத்துவிட்டார். மின்னேற்றிய பொருளை வெறுமனே நகர்த்தினாலே காந்த விளைவு வரும் என்று காட்ட 1876 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ரோலண்ட் என்ற அமெரிக்கர் பெர்லினில் மின்னேற்றிய வட்டத்தட்டைச் சுழற்றி, அருகில் தொங்கிய காந்த ஊசி மிக நுணுக்கமாக அசைவதைப் பிடித்தார்.

ஆனால் அணுவுக்குள் கதையே வேறு. ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரான் இருக்கும் இடத்தில் மின்புலம் மீட்டருக்கு ஐம்பதாயிரம் கோடி வோல்ட். அதன் வேகம் நொடிக்கு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். c²-ஆல் வகுத்த பிறகும் எலக்ட்ரானின் பார்வையில் சுமார் 12 டெஸ்லா காந்தப்புலம் நிற்கிறது. மருத்துவமனை எம்.ஆர்.ஐ. இயந்திரங்களில் பெரும்பாலானவை ஒன்றரை அல்லது 3 டெஸ்லாதான். அடுப்புத் தீயில் உப்பைத் தூவினால் வரும் மஞ்சள் ஒளி, நல்ல நிறமாலைமானியில் 589.0, 589.6 நானோமீட்டர் என்று இரு கோடுகளாகப் பிளந்து தெரிவது சோடியம் அணுவுக்குள் இப்படி முளைக்கும் காந்தப்புலத்தால்தான். அந்தப் பிளவை இந்த வார விதியால் கணக்கிட்டவர்களுக்கு விடை இரண்டு மடங்காக வந்தது. விதி தவறவில்லை. நேராக ஓடாமல் வளைந்து ஓடுபவருக்கு இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 1926இல் தாமஸ் என்ற இயற்பியலாளர் கண்டுபிடித்தார். அது என்ன என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)