அணைத்த விளக்கிலும் ஷாக்

பல்பு ஃப்யூஸ் போய்விட்டது. டேபிள் லேம்ப்பின் வயரில் இருக்கும் குட்டி சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் பல்பைத் திருகுகிறார் வீட்டுக்காரர். ஹோல்டரின் மரை வளையத்தில் விரல் பட்டதும் சுரீரென்று ஷாக். பிறகு அதே பாயின்ட்டில் எலெக்ட்ரீஷியன் சாக்கெட் டெஸ்டரைச் செருகிப் பார்க்கிறார். அதன் மூன்று விளக்குகளில் எரிந்தவற்றை மேலே அச்சடித்த பட்டியலோடு ஒப்பிட்டால், ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றன.

இந்திய சாக்கெட்டை நேரே பார்த்தால் மேலே இருக்கும் பெரிய துளை எர்த், வலப்பக்கம் ஃபேஸ், இடப்பக்கம் நியூட்ரல். ஃபேஸில் 230 வோல்ட் இருக்கும். நியூட்ரல் கிட்டத்தட்ட பூஜ்யம். இரண்டும் மாறினாலும் மிக்ஸி அரைக்கும், டிவி ஓடும். சாதனத்துக்குத் தேவை இரண்டு கம்பிகளுக்கு இடையிலான 230 வோல்ட்தான். அது அப்படியே கிடைக்கிறது. அதனால்தான் இந்தத் தவறு வருஷக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது.

சிக்கல் சுவிட்சில்தான் வரும். லேம்ப் வயரில் இருப்பது பெரும்பாலும் சிங்கிள் போல் சுவிட்ச். இரண்டு கம்பிகளில் ஒன்றை மட்டுமே துண்டிக்கும். அது ஃபேஸ் கம்பியில் இருக்கும் என்று நம்பித்தான் விளக்கு வடிவமைக்கப்படுகிறது. கம்பிகள் மாறினால் அதே சுவிட்ச் நியூட்ரலைத் துண்டிக்கிறது. பல்பு அணையும், ஆனால் மரை வளையம் வரை 230 வோல்ட் வந்து காத்திருக்கும். தோட்டத்து ஹோஸை குழாயடியில் மூடாமல் நுனியில் அடைப்பது போலத்தான் இது: தண்ணீர் வராது, ஹோஸ் முழுக்க அழுத்தம் இருக்கும். இஸ்திரிப் பெட்டியின் தெர்மோஸ்டாட்டும் வழக்கமாக ஒரு கம்பியைத்தான் துண்டிக்கும். சூடு ஏறி அது 'கட்' ஆன பிறகும், மாறிய பாயின்ட்டில் உள்ளே இருக்கும் காயிலில் மின்சாரம் நிற்கும்.

தவறு எங்கே என்று கண்டுபிடிக்க எலெக்ட்ரீஷியனிடம் ஓர் எளிய வழி உண்டு. சுவர் சுவிட்சைப் போட்டுவிட்டு, எதையும் செருகாத பாயின்ட்டில் டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரை வைக்கிறார். இடத்துளையில் எரிகிறது. சுவிட்சை அணைக்கிறார். விளக்கும் அணைந்தால், சாக்கெட்டின் பின்பக்கம் இரண்டு கம்பிகளை மாற்றி முடுக்கியிருக்கிறார்கள். அந்த ஒரு பாயின்ட்டைச் சரிசெய்தால் போதும். அணைத்த பிறகும் எரிந்தால் விஷயம் பெரிசு: சுவிட்ச் போர்டுக்கு முன்பே கம்பி மாறியிருக்கிறது, சுவர் சுவிட்சும் நியூட்ரலைத்தான் துண்டிக்கிறது. மற்ற அறைகளிலும் அப்படியே என்றால் மெயின் போர்டையும் இன்வெர்ட்டர் இணைப்பையும் திறந்து பார்த்தாக வேண்டும்.

சாக்கெட் டெஸ்டர் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. நியூட்ரலும் எர்த்தும் மாறியிருந்தால், எல்லாம் சரி என்றே அது காட்டும். ஆகவே பல்பைக் கழற்றும் முன் சுவிட்சை நம்பாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.